புதுப்பிப்பு: அம்மா ரிட்டையர்மெண்ட் பேச்சு, மூச்சுக்கோடு போட்டுப் பார்த்தேன்

போன வாரம் நான் கேட்டது: "4 நிமிஷப் பேச்சை வீட்ல படிச்சா ரெண்டரை நிமிஷத்துல முடிஞ்சுடுது, எப்படி மெதுவாக்குறது?"

நேத்து கோத்தகிரில பேசி முடிச்சாச்சு, மூணே முக்கால் நிமிஷம். எழுதி வச்ச பேச்சுல கமா வர்ற இடமெல்லாம் மூச்சு எடுக்க ஒரு கோடு போடுன்னு ஒருத்தர் சொன்னாரு, போட்டேன், திக்கித் திக்கிப் பேசற மாதிரி ஆயிடுச்சு. நாடகத்துல இருக்கற அண்ணன் சொன்னதுதான் ஒர்க் அவுட் ஆச்சு: கருத்து முடியற இடத்துல மட்டும் கோடு, ஒத்தைக் கோடுன்னா சின்ன நிறுத்தம், ரெட்டைன்னா வாயை மூடி மூக்கால ஒரு முழு மூச்சு.

31 வருஷமா / இந்த எஸ்டேட்ல கொழுந்து பறிச்ச எங்கம்மா //
இன்னிக்கு வீட்டுக்கு வர்றாங்க //

ஆனா பதட்டத்துல கண்ணு கோட்டைத் தாண்டி ஓடிடுது. அதனால ரெட்டைக் கோட்டுக்கு அப்புறம் புது வரி, நடுவுல ஒரு வரி காலி, பெரிய எழுத்து. அடுத்த வரியைத் தேடற நேரத்துல மூச்சு தானா உள்ள போயிடுது.

"எனக்குக் குரல்தான் நடுங்குது, வெந்நீர் குடிக்கலாமா"ன்னு கேட்ட அக்கா, அது வேற விஷயம்க்கா. கைதட்டுனப்போ எங்க நிறுத்தணும்னு மட்டும் இன்னும் பிடிபடல, ஒரு இடத்துல அதுமேலயே பேசிட்டேன்.