லோராவுல பாட்டிலோட சேர்த்து வெள்ளை மேசையும் ஒட்டிக்குது, ஹெல்ப் ப்ளீஸ்

எஸ்டிஎக்ஸ்எல்ல ஒரு கண்ணாடி பாட்டிலுக்கு லோரா ட்ரெயின் பண்றேன், மொத்தம் 14 போட்டோ, ரேங்க் 16, ஆனா எல்லாமே ஒரே வெள்ளை மேசையில, ஒரே ஜன்னல் வெளிச்சத்துல எடுத்தது. 1500 ஸ்டெப்ல மூடியோட வரிகள்கூட அச்சு அசலா வருது, ஆனா கடற்கரைன்னு கேட்டாலும் மணல் மேல அந்த வெள்ளை மேசை வந்து நிக்குது. 800 ஸ்டெப் செக்பாயின்ட்ல கடற்கரை அருமை, ஆனா பாட்டில் கழுத்து நீண்டுடுது. வெயிட்ட 0.7க்கு குறைச்சாலும் அதே கதைதான்.

கேப்ஷன்ல `zkvbotl`னு ட்ரிகர் வார்த்தை மட்டும்தான் போட்டிருந்தேன், அதனாலதான் மேசையையும் பாட்டிலோட பகுதின்னு கத்துக்கிச்சுன்னு தோணுது. மேசை, வெளிச்சம் எல்லாத்தையும் கேப்ஷன்ல எழுதினா பிரிஞ்சிடுமா, இல்ல வேற வேற இடத்துல வச்சு திரும்ப போட்டோ எடுத்தே ஆகணுமா? பண்ணிப் பார்த்தவங்க சொல்லுங்களேன்.