ஸ்டுட்கார்ட்: காபிக்கு யார் முதலில் அழைப்பது, நாளையும் இடத்தையும் யார் முடிவு செய்வது?

கேள்வி (மதுரையிலிருந்து வந்தவள், ஸ்டுட்கார்ட், எட்டு மாதம்)

மாலை நேரத்தில் நடக்கும் மண்பாண்ட வகுப்பு ஒன்றுக்குச் செல்கிறேன். அங்கே என் வயதையொத்த ஜெர்மானியர் ஒருவருடன் நன்றாகப் பேச முடிகிறது, வகுப்பு முடிந்ததும் இருவரும் ரயில் நிலையம் வரை சேர்ந்தே நடக்கிறோம். மூன்று வாரங்களுக்கு முன்பு அவர், “நாம் ஒருமுறை காபி குடிக்கப் போகலாமே” என்றார், நானும் மகிழ்ச்சியோடு “போகலாம்” என்றேன். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாளைக் குறிப்பதும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஆணின் வேலை என்ற எண்ணத்தில் வளர்ந்தவள் நான். அது காலாவதியான எண்ணம் என்று வாயால் சொல்கிறேனே தவிர, கைப்பேசியை எடுத்தால் விரல் நகர மறுக்கிறது. நானே கேட்டால் மலிவாக எடுத்துக்கொள்வாரா? நானே கேட்டால் ஏற்பாடு, பணம் எல்லாமே என் பொறுப்பாகிவிடுமா?

ஸ்டுட்கார்ட் அக்கா (இங்கே பதின்மூன்று ஆண்டுகள்)

தங்கையே, அவர் உன்னை மறந்துவிட்டார் என்று முடிவு கட்டாதே. இந்த ஊர்க்காரர்கள் பேச்சினிடையே போடும் ‘மால்’ என்ற சின்னச் சொல்லுக்கு நாளும் கிடையாது, மணியும் கிடையாது. “ஒருமுறை போகலாமே” என்றால் ‘எனக்கு விருப்பம் உண்டு, உனக்கும் இருந்தால் சொல்’ என்பதுதான் பெரும்பாலும் பொருள். நம் ஊரில் ஒருவர் “வீட்டுக்கு வாங்க” என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் நின்றுவிட மாட்டோம் அல்லவா, ஏறத்தாழ அதே கதைதான். நீ “போகலாம்” என்றதோடு நிறுத்தியதால் பந்து இருவருக்கும் நடுவே கிடக்கிறது. மறுபடி கேட்டால் பெண்ணை நச்சரிப்பதாகிவிடுமோ என்ற தயக்கத்தில் அவர் இருக்கிறார், ஆண்தான் கேட்க வேண்டும் என்ற காத்திருப்பில் நீ இருக்கிறாய். இப்படியே இருவரும் மரியாதையாக நடந்து மரியாதையாகவே பிரிந்துபோன கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

பழைய மரபு என்றால் அது முழுக்க ஆணுக்கே முதலிடம் தந்தது என்றும் நினைக்காதே. தனி வாழ்க்கையில் ‘ஸீ’ என்ற மரியாதை விளியை விட்டு ‘டூ’ என்று ஒருமையில் பேசலாம் என்று முன்வந்து சொல்லும் உரிமையை இந்த நாட்டுப் பழைய ஒழுக்கமுறை ஆணுக்குக் கொடுக்கவில்லை, பெண்ணுக்கே கொடுத்திருந்தது. உங்கள் வகுப்பில் எல்லோரும் முதல் நாளிலிருந்தே ‘டூ’ சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பதால் அந்தப் படி உனக்கு ஏற்கெனவே கடந்துவிட்டது.

ஆகவே நீயே எழுது. ஆனால் “எப்போது ஓய்வாக இருப்பீர்கள்?” என்று கேட்காதே, அது மறுபடியும் அவரிடமே வேலையைத் தள்ளுவதாகும். ஞாயிறு மூன்று மணி, கில்லெஸ்பெர்க் பூங்கா வாசல், ஒரு சுற்று நடந்துவிட்டு அருகில் காபி, ஐந்தரைக்கு நான் கிளம்ப வேண்டும் என்று நாள், இடம், முடியும் நேரம் மூன்றையும் சொல்லி, அந்த ஞாயிறு ஒத்துவராவிட்டால் அடுத்த வியாழன் மாலை என்று இன்னொரு வாய்ப்பையும் சேர்த்துவிடு. முடியும் நேரத்தைச் சொல்வது அவசியம், பேச்சு ஒட்டவில்லை என்றால் இருவருக்கும் அது கதவு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருந்தாலும் பூங்காவும் காபிக்கடையும் திறந்திருக்கும். அருங்காட்சியகம் என்று யோசித்தால் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடு, பெரும்பாலானவை அன்று மூடியிருக்கும்.

பதிலை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். “அன்று முடியாது, ஆனால் சனிக்கிழமை வரலாமா” என்று அவரே வேறு நாள் சொன்னால் விருப்பம் இருக்கிறது. “மன்னிக்கவும், இப்போது வேலை அதிகம்” என்று நாள் சொல்லாமல் முடித்தால், ஒரு புன்னகையோடு விட்டுவிட்டு வகுப்பைத் தொடரலாம். இரண்டாவது முறை கேட்க வேண்டியதில்லை.

மியூனிக் பொறியாளர்

இவ்வளவு யோசிக்க வேண்டியதே இல்லை. இந்த நாட்டில் எல்லோரும் எப்போதும் தனித்தனியாகத்தான் பணம் கொடுப்பார்கள், ஆண் பெண் பேதம் இங்கே என்றோ ஒழிந்துவிட்டது. துணை தேடும் பம்பிள் செயலியில் பெண் மட்டுமே முதல் செய்தி அனுப்ப முடியும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அனுப்பாவிட்டால் அந்தப் பொருத்தமே மறைந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாதா? உலகமே அப்படி மாறிவிட்டது.

ஸ்டுட்கார்ட் அக்கா

தம்பி, பாதிதான் சரி. அந்தச் செயலி 2014இல் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு முதல் வரி யோசித்து எழுதுவது சுமையாக இருக்கிறது என்று பெண்களே சொன்னதால், 2024இல் பெண் ஒரு கேள்வியை முன்கூட்டியே வைத்துவிடலாம், பொருந்துகிற ஆண் அதற்குப் பதில் எழுதிப் பேச்சைத் தொடங்கலாம் என்று மாற்றினார்கள். முதல் அடியைப் பெண்ணிடம் கொடுத்தால் மட்டும் சுமை தீராது, அது ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறும், அவ்வளவே.

எல்லோரும் தனித்தனியே என்பதும் முழு உண்மை அன்று. “தனித்தனியாகவா, சேர்த்தா?” என்று பரிமாறுபவர் கேட்பது வழக்கம்தான், ஆனால் முதல் சந்திப்பில் தானே கொடுத்துவிட நினைக்கும் ஆண்களும், அதை எதிர்பார்க்கும் பெண்களும் இங்கேயும் இருக்கிறார்கள். புதிதாக வருகிற நம்மவர்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது ஒரு வினைச்சொல்லில். ‘ஐன்லாடென்’ என்பதை அகராதியில் பார்த்தால் ‘அழைத்தல்’ என்று இருக்கும், நாமும் “உங்களைக் காபிக்கு அழைக்கிறேன்” என்று நினைத்து அதைச் சொல்லிவிடுவோம். கடைக்கு வரச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு ‘செலவு என்னுடையது’ என்று பொருள். நீ கொடுக்க விரும்பினால் தாராளமாகச் சொல், வெறுமனே சேர்ந்து போகத்தான் கேட்கிறாய் என்றால் “காபி குடிக்கப் போகலாமா?” என்று கேள்வியாகவே கேள்.

டோர்ட்முண்ட் பெரியவர்

பிள்ளை, நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1985இல் இங்கே வந்தவன். நீங்கள் எல்லோரும் காபியைப் பற்றியே எழுதுகிறீர்கள், பெடியன் என்ன படித்தவர், தாய் தகப்பன் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே? முதல் அடியைப் பெரியவர்கள் வைத்தால் இந்தக் குழப்பமே வராது. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழாவுக்கு நிறைய ஜெர்மன்காரரும் வருவார்கள், அங்கே அழைத்து வந்தால் நாங்களும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

கேள்வி கேட்டவள்

ஐயா, உங்கள் அன்புக்கு நன்றி. இது இன்னும் பெண் பார்க்கும் நிலைக்கு வரவில்லை, காபிக்கே வரவில்லை. முதல் சந்திப்புக்கே தேர்த் திருவிழாவுக்கு அழைத்தால் அவர் வகுப்பையே மாற்றிக்கொள்வார் என்று அஞ்சுகிறேன்.

ஹைல்பிரான் வாசகர்

என் கதையையும் சொல்கிறேன், அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடந்த ஆண்டு ஒரு தமிழ்ப் பெண்தான் எனக்கு முதலில் எழுதினார். லுட்விக்ஸ்பூர்க் அரண்மனைத் தோட்டத்தில் இலையுதிர் காலத்தில் நடக்கும் பூசணிக் கண்காட்சிக்கு அவரே நேரம் குறித்து, நுழைவுச் சீட்டையும் இணையத்தில் வாங்கி வைத்திருந்தார். உண்மையைச் சொன்னால், வழியெல்லாம் ‘இவ்வளவு துணிச்சலா’ என்று என் மனம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அதே துணிச்சல் எனக்கு இருந்திருந்தால் நான் அதைத் தன்னம்பிக்கை என்று அழைத்திருப்பேன். சாப்பிட்டு முடித்ததும் அவர் பையைத் திறக்கும் முன்பே பணம் கொடுத்துவிட்டேன், சீட்டுக்கான தொகையையும் வற்புறுத்திக் கையில் திணித்தேன். அவர் முகம் மாறியது. அவர் போட்ட திட்டத்தை என் திட்டமாக்கிக்கொண்டேன் என்று பிறகு எழுதினார். நான் செய்தது மரியாதை என்றே இன்னமும் பாதி மனம் சொல்கிறது. எங்கள் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

மியூனிக் பொறியாளர்

இதில் உங்கள் பிழை என்ன என்று எனக்கு விளங்கவில்லை. செலவு செய்தால் குற்றம், செய்யாவிட்டால் கஞ்சன்.

ஸ்டுட்கார்ட் அக்கா

செலவு செய்ததில் பிழை இல்லை, கேட்காமல் செய்ததில்தான். “சீட்டை நீங்கள் வாங்கினீர்கள், சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்ளவா?” என்று ஒரு வரி கேட்டிருந்தால் இருவர் பங்கும் நிலைத்திருக்கும். அப்படிக் கேட்டும் அவருக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை.

கேள்வி கேட்டவள் (பதினாறு நாட்கள் கழித்து)

அக்கா சொன்னபடியே எழுதினேன். செய்தியை அனுப்பியதும் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டேன். நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது: ஞாயிறு சகோதரியின் பிறந்தநாள், வியாழன் சரி, ஆனால் வேலை ஆறு மணிக்குத்தான் முடியும். வியாழன் மாலை பூங்காவில் நடந்தோம். நான் விரும்பியது போல் பேச்சு நீண்டது, ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும் என்ற கதவும் அன்றைக்கு இல்லாமல் போனது நல்லதாயிற்று. நான் முதலில் எழுதியதைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று கேட்டேன். தாம் ஒருமுறை சொல்லிவிட்டதால் மறுபடி கேட்டால் வகுப்பில் எனக்குச் சங்கடமாகிவிடும் என்று தயங்கியதாகச் சொன்னார். அக்காவின் கணிப்பு அப்படியே இருந்தது.

திட்டமிட்ட எனக்கே ஒரு சறுக்கல் நேர்ந்தது. நான் தேர்ந்தெடுத்த சிறிய கடை ரொக்கத்தை மட்டுமே வாங்கும் என்பதை நான் பார்த்து வைக்கவில்லை, என்னிடம் அட்டை மட்டுமே இருந்தது. இரண்டு காபி, இரண்டு கேக், 17 யூரோ 40 சென்ட். “தனித்தனியாகவா, சேர்த்தா?” என்ற கேள்வி வந்ததும் நான் விழித்தேன், அவர் “சேர்த்து” என்று சொல்லி, டிப்ஸோடு 19 யூரோவாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். என் பங்கை அனுப்புகிறேன் என்றேன், அடுத்த முறை நீ கொடு என்றார். கடன் போல உறுத்துகிறது, அடுத்த முறை உண்டு என்பதற்குச் சாட்சி போலவும் இருக்கிறது.

ஸ்டுட்கார்ட் அக்கா

மகிழ்ச்சி. ஐம்பது யூரோ பணத்தாள் எப்போதும் பையில் இருக்கட்டும் என்று சொல்ல மறந்தது என் பிழை. இனி நீ எழுதாதே, இரண்டாவது நாளை அவர் குறிக்கட்டும். முதல் முறை நீ ஏற்பாடு செய்தாய். இரண்டாவது, மூன்றாவது முறையும் நீயே இடம் தேடிக்கொண்டிருந்தால், பழைய ஏற்பாட்டைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறோம் என்றுதான் பொருள்.

ஹைல்பிரான் வாசகர்

அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. காத்திருந்து சோதிப்பதும் பழைய விளையாட்டுதானே? “அடுத்ததை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்களா?” என்று நேராகக் கேட்டுவிடலாம்.

கேள்வி கேட்டவள்

இருவரும் வாதிட்டுக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து செய்தி வந்துவிட்டது. சனிக்கிழமை ஒரு திரைப்படம் அல்லது ஞாயிறு காலை மலைநடை, எது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மலைநடை என்று எழுதிவிட்டேன். வழியை அவர் பார்த்துக்கொள்வாராம், சாப்பாடு என் பொறுப்பு. தயிர்ச்சாதம் கட்டிக்கொண்டு போகலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

டோர்ட்முண்ட் பெரியவர்

கொண்டு போ பிள்ளை. ஊறுகாயைத் தனியாக வை.