கதவை மூடிட்டு மறுபடி ஏன் திறந்தாங்க? (பெங்களூரு ஏர்போர்ட்)

கவிதா, ஒயிட்ஃபீல்டு:
பெங்களூரு–சென்னை, ராத்திரி 8:10 ஃபிளைட். எல்லாரும் உட்கார்ந்தாச்சு. நான் வலது பக்க ஜன்னல், இறக்கைக்குப் பின்னாடி. கீழே லக்கேஜ் கதவை மூடி, பெல்ட் வண்டியையும் நகர்த்திட்டாங்க. திடீர்னு வண்டி திரும்பி வந்து, ஏத்தின பெட்டிங்களையே இறக்குறாங்க! யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

சதீஷ்:
வெயிட் ஜாஸ்தியாகியிருக்கும். கொஞ்சம் பெட்டியை இறக்கிட்டுப் போவாங்க.

முருகன், தேவனஹள்ளி (முன்னாள் ராம்ப் சூப்பர்வைசர்):
அதுவும் நடக்கும் சதீஷ். ஆனா வெயிட்டுன்னா கைக்குக் கிடைச்சதை எடுப்பாங்க. ஒவ்வொரு டேகா திருப்பிப் பார்த்தா, செக்-இன் பண்ணின யாரோ ஏறலன்னு அர்த்தம். ஆள் இல்லாம பெட்டி பறக்கக் கூடாது. 1985ல ஏர் இந்தியாவோட கனிஷ்கா விமானத்துல ஆள் ஏறல, பெட்டி ஏறுச்சு. அதுல இருந்த குண்டு வெடிச்சு 329 பேர் செத்தாங்க.

என் ஷிஃப்ட்ல நடந்தது ஒண்ணு சொல்றேன். A320, இதே மாதிரி 8:10 டிபார்ச்சர். 7:30க்கு ஃபிளைட் வந்து நின்னதும் சக்கரம் உருளாம சோக் கட்டை வச்சோம். 7:41க்கு பயணிகள் இறங்கி முடிஞ்சது. கிளீனிங் நடக்கும்போதே கீழே, வந்த பெட்டி இறங்கி, போற பெட்டி ஏற ஆரம்பிச்சாச்சு. 7:47க்கு போர்டிங். 8 மணிக்கு பெட்டி அடுக்குற அறை, அதாவது ஹோல்டு, மூடியாச்சு. 8:02க்கு கேட்ல இருந்து வாக்கி: "ஒருத்தர் வரல, ரெண்டு பெட்டி."

ஏத்தும்போது டேக்ல இருக்கிற குட்டி ஸ்டிக்கரைக் கிழிச்சு பிங்கோ ஷீட்ல ஒட்டுவோம், ஹோல்டு வாரியா. அதனால எந்த ஹோல்டுன்னு தெரியும், எந்த மூலைன்னு தெரியாது. ஒரு பெட்டி அஞ்சாவது ஹோல்டுல வாசல்லயே இருந்தது. இன்னொண்ணு நாலாவதுல, அதுவும் முதல்ல ஏத்தினது, அடி ஆழத்துல! முன்னாடி இருந்ததையெல்லாம் இறக்கித்தான் எடுக்க முடிஞ்சது. கிடைச்சப்போ 8:11. மறுபடி அடுக்கி, கதவை மூடி, எடைக் கணக்கு இருக்கிற லோட்ஷீட்டுல எண்ணிக்கையை மாத்தி கேப்டன்கிட்ட சொல்லி, 8:17க்கு ஃபிளைட்டைப் பின்னாடி தள்ளி புஷ்பேக். ஏழு நிமிஷ லேட்டுல அஞ்சு நிமிஷம் அந்த ஒரே பெட்டிக்கு. அந்த ஸ்டிக்கர் ஷீட் இல்லேன்னா எல்லா ஹோல்டையும் கிளறணும்.

ரஹ்மான்:
மும்பையில என் பெட்டி வரவே இல்ல அண்ணா, மறுநாள்தான் வந்தது. இதுதான் காரணமா?

முருகன்:
இல்ல தம்பி, அது நேர்மாறு: நீங்க போனீங்க, பெட்டி போகல. கனெக்‌ஷன்ல மாத்துறப்போ டைம் பத்தாம விட்டிருப்பாங்க. தனியா கேளுங்க, இங்க கலக்க வேணாம்.

சதீஷ்:
பெட்டியைத் தேடிட்டிருக்கும்போதே ஆள் ஓடி வந்தா?

முருகன்:
எங்க டீம்லயே சண்டை வரும். பெட்டி இன்னும் உள்ளேதான் இருக்குன்னா ஏத்திக்கலாம்னு சிலர் சொல்வாங்க. கேட் மூடினது மூடினதுதான்னு நான் சொல்வேன். ஒருத்தரை ஏத்தினா மறுநாள் பத்து பேர் ஓடி வருவாங்க.

கவிதா:
எங்க ஃபிளைட்ல ஒருத்தர் கடைசியா மூச்சு வாங்க ஓடி வந்து உட்கார்ந்தாரு. அப்போ அது அவர் பெட்டியா, இல்ல வேற ஆளோடதா?