ஷ்மிட் ட்ரிகர்: கணக்கில் 3.33, மீட்டரில் 2.87. எங்கே பிழை?

கவின், பட்டர்வொர்த்
வாசல் விளக்கு இருட்டானதும் தானாக எரிய LM358-ல் ஷ்மிட் ட்ரிகர் போட்டிருக்கிறேன். சப்ளை 5 வோல்ட், போன் சார்ஜர்தான். கால் 3-லிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 10k, தரைக்கு ஒரு 10k, வெளியீட்டுக்கு (கால் 1) ஒரு 10k. LDR பக்கம் கால் 2-க்கு வருகிறது. வெளியீடு 5 என்றால் 3.33, 0 என்றால் 1.67 என்று கணக்குப் போட்டேன். LDR-ஐக் கழற்றிவிட்டு ஒரு பொட்டென்ஷியோமீட்டரை மெதுவாகத் திருகிப் பார்த்தால், ஏறும்போது 2.87-லும் இறங்கும்போது 1.88-லும் மாறுகிறது. சூத்திரம் தப்பா, சிப் போலியா?

ரவி, கோலாலம்பூர்
ரெசிஸ்டர் தம்பி. தங்கக் கோடு போட்டதென்றால் 5 சதவீதம் முன்பின் இருக்கும். ஜாலான் பாசார் பக்கம் போனால் 1 சதவீதம் கிடைக்கும், மாற்றிப் பார்.

மணியம், சுங்கை பட்டாணி
என் ஆட்டோகேட் ரிலேயும் இப்படித்தான் படபடவென்று அடிக்கும். ரிலே மேல் ஒரு பெரிய கபாசிட்டரைப் போட்டேன், அடங்கிவிட்டது. நீயும் போடு.

கவின்
ஐயா, ரிலே இன்னும் மாட்டவே இல்லை. அளவுதான் ஒத்துவரவில்லை.

மாலா, பாயான் லெப்பாஸ்
ரவி அண்ணே, 5 சதவீதத்தில் மூன்றும் கெட்ட பக்கமாகவே விலகினாலும் மேல் வரம்பு 0.11 வோல்ட் போலத்தான் நகரும். இங்கே 0.46 குறைகிறது.

கவின், கால் 1-ல் எவ்வளவு இருக்கிறது? மேலே நிற்கும்போது ஒன்று, கீழே நிற்கும்போது ஒன்று அளந்து சொல்லுங்கள். சார்ஜரின் 5 வோல்ட்டையும் அளந்துவிடுங்கள்.

கவின்
சப்ளை 5.00. மேலே 3.61, கீழே 0.64. அக்கா, கீழே 0 வரவேண்டாமா?

மாலா
அங்கேதான் விஷயம். சூத்திரம் சரி, நீங்கள் அதில் போட்ட 5-உம் 0-உம்தான் தப்பு. மூன்றும் ஒரே அளவு என்பதால் கால் 3-ன் மின்னழுத்தம் இவ்வளவுதான்:

```
V+ = (Vcc + 0 + Vout) / 3
(5 + 3.61) / 3 = 2.87
(5 + 0.64) / 3 = 1.88
```

நீங்கள் அளந்தது அப்படியே வந்துவிட்டது, சிப் நல்ல சிப்தான். LM358-ன் வெளியீடு சப்ளை வரை ஏறாது, 1.4 வோல்ட் போலக் கீழேயே நின்றுவிடும். 12 வோல்ட்டில் இது கண்ணில் படாது, 5 வோல்ட்டில் கால்பங்குக்கு மேல் போய்விடுகிறது.

கீழே 0.64 வருவது வேறு கதை. தரையை ஒட்டி நிற்கும்போது இந்தச் சிப்பால் 50 மைக்ரோ ஆம்பியர் போலத்தான் உள்ளே இழுக்க முடியும். அதற்கு மேல் வந்தால் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் கைகொடுக்க வேண்டும், அது ஒரு டயோடு அளவு, 0.6 வோல்ட் போல, மேலேயே நின்றுவிடும். உங்கள் பின்னூட்ட 10k வழியாக வருவது (1.88 − 0.64) / 10k, அதாவது 124 மைக்ரோ ஆம்பியர். மூன்றையும் 100k ஆக்கிப் பாருங்கள்.

கவின்
மாற்றிவிட்டேன். கீழே 0.02, வரம்பு 1.67 கச்சிதம்! மேலே மட்டும் 2.89.

ரவி
அப்போ மேல் பக்கத்துக்கு வெளியீட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு புல்-அப் ரெசிஸ்டர் போட்டால் போச்சு.

மாலா
கொஞ்சம் ஏறும் அண்ணே, ஆனால் கீழே நிற்கும்போது அந்த மின்னோட்டத்தையும் இதே சிப்தான் இழுக்க வேண்டும், மறுபடி 0.6 வந்துவிடும். புல்-அப் LM393-க்குச் சரி, அதன் வெளியீடு அப்படிப் போடத்தான் செய்தது. 3.33 கட்டாயம் வேண்டுமென்றால் MCP6002 போடலாம், வெளியீடு இரண்டு பக்கமும் ஓரம் வரை போகும். இன்னொன்று, 5 வோல்ட்டில் LM358-ன் உள்ளீடு 3.5 வரைதான் ஒழுங்காக வேலை செய்யும், 3.33 என்பதே அதன் விளிம்பு. வாசல் விளக்குக்கு 1.2 வோல்ட் இடைவெளி தாராளம். நான் என்றால் இப்படியே விட்டுவிடுவேன்.

கவின்
விட்டுவிட்டேன் அக்கா. நேற்று LDR-ஐத் திரும்ப வைத்து ரிலேயும் மாட்டினேன். பகலில் கையால் மூடினால் ஒழுங்காக எரிகிறது. ராத்திரி ஏழரைக்கு மேல் நொடிக்கு ஒருமுறை எரிந்து எரிந்து அணைகிறது.

மணியம்
நான் அப்பவே சொன்னேன்!

மாலா
ரிலே இழுக்கும்போது சார்ஜர் சரிகிறதா பாருங்கள். LDR-உம் அதே 5 வோல்ட்டில் இருப்பதால் இரண்டும் சேர்ந்துதான் இறங்கும், ஆனால் வெளியீடு சப்ளையை விட 1.4 குறைவாக நிற்பதால் வரம்பு அதே விகிதத்தில் இறங்காது. ஆனாலும் நொடிக்கு ஒருமுறை என்பது அதற்கு மெதுவாகத் தெரிகிறது.

மணியம்
தம்பி, விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது? LDR மேலேயே வெளிச்சம் விழுந்தால் எரிந்ததும் பகல் என்று நினைத்து அணைத்துவிடும்.

கவின்
இரண்டும் ஒரே தூணில்தான் ஐயா இருக்கின்றன. இன்றைக்கு ராத்திரி அட்டை வைத்து மறைத்துப் பார்க்கிறேன், மீட்டரையும் சப்ளையில் வைக்கிறேன்.