நன்றியுரையில் பெயர் போட்டேன், வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டேன்

ஏரிக்கரை:
என் ஆய்வேடு ஏரிப் பாசனம் பற்றியது. மூன்றாம் இயலில் ஏரிகளைப் பரப்பளவால் பிரிக்காமல், மதகைத் திறந்து மூடும் பொறுப்பு ஊரில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஆளான நீர்க்கட்டியிடமா, விவசாயிகள் சங்கத்திடமா, பொதுப்பணித் துறையிடமா என்று பார்த்துப் பிரித்திருந்தேன். அந்த யோசனை என்னுடையதல்ல. விடுதி அறைத்தோழி என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "பரப்பளவை விடு, சாவி யார் கையில இருக்குன்னு பாரு" என்றாள். நன்றியுரையில் "பல வகையிலும் துணைநின்ற தோழிக்கு" என்று எழுதியதோடு சரி. புறத்தேர்வாளர், "இந்தப் பகுப்பு எங்கிருந்து வந்தது?" என்றார். சொன்னேன். "அது ஏன் இயலில் இல்லை?" என்று கேட்டார். முழித்தேன்.

கணக்கன்:
ஒப்புமைச் சோதனையில் பத்து சதவீதத்துக்குள் வந்தால் யுஜிசி விதிப்படி சிக்கலே இல்லையே. பெயரும் நன்றியுரையில் இருக்கிறது. அப்புறம் என்ன?

பழைய நெறியாளர்:
பத்து சதவீதம் 2018 விதிமுறையில் இருப்பது உண்மைதான். ஆனால் மென்பொருள் எழுத்தைத்தான் ஒப்பிடும், டீக்கடையில் வாயால் சொன்ன யோசனை அதில் சிக்காது. நன்றியுரையை அந்தச் சோதனையில் சேர்ப்பதும் கிடையாது.

என் மாணவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இயலில் எந்த இடம் மாறியிருக்கும்? விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அங்கேயே அடிக்குறிப்பு போட வேண்டும். இப்படி: "மதகுப் பொறுப்பை வைத்துப் பிரிக்கலாம் என்ற யோசனையை உரையாடலில் முதலில் சொன்னவர் இன்னார். வகைகளை வரையறுத்ததும் களத்தில் சரிபார்த்ததும் ஆய்வாளர்." இரண்டாம் வாக்கியத்தை விட்டுவிட்டால் இருவரும் சேர்ந்து எழுதிய இயல் போலப் படும். பிழை பார்த்தது, புத்தகம் தேடித் தந்தது எல்லாம் நன்றியுரைக்குப் போதும். அச்சுக்குப் போகும்முன் அந்த வரியை அவரிடம் காட்டிவிடுங்கள்.

வைகை:
என் கட்டுரையில் நெறியாளர் தன் பெயரை இரண்டாவதாகப் போடச் சொன்னார். ஒரு வரிகூட எழுதவில்லை. நானும் அடிக்குறிப்பு போட்டுவிடலாமா?

பழைய நெறியாளர்:
அது ஆசிரியர் வரிசைத் தகராறு அம்மா, அடிக்குறிப்பால் தீராது.

கணக்கன்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நெறியாளர் சொன்னதற்கெல்லாம் அடிக்குறிப்பு போட்டால் பக்கத்துக்கு நாலு வருமே. வழிகாட்டுவது அவர் வேலைதானே?

பழைய நெறியாளர்:
"இதையும் படி" என்பது வேலை. இயலின் வாதத்தையே எடுத்துக் கொடுத்தால் சொல்லத்தான் வேண்டும். நடுவில் எங்கே கோடு போடுவது என்பதில் எங்கள் துறைக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

ஏரிக்கரை:
திருத்தப் பிரதியில் அடிக்குறிப்பு எழுதித் தோழியிடம் காட்டினேன். "நான் பொறுப்புன்னு எங்கடி சொன்னேன்? சாவின்னுதானே சொன்னேன். பொறுப்பு ஒருத்தர்கிட்ட இருக்கும், சாவி வேற ஒருத்தர்கிட்ட இருக்கும்" என்றாள். அவள் சொன்னதை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு, பொறுப்பு என்று மாற்றியது நான்தான் என்றும் சேர்த்தேன். சாவியும் பொறுப்பும் வேறு வேறு கையில் இருந்த இரண்டு ஏரிகள் என் அட்டவணையிலேயே இருந்தன. அவற்றை இன்னும் எந்த வகையிலும் சேர்க்கவில்லை.