உதவி: மொழிபெயர்ப்பாளர் ரெசுமே அனுப்பினா பதிலே வரலை

சிப்புட்_தேவி (சுங்கை சிப்புட், பேராக்)
வணக்கம். மொழிபெயர்ப்பு ஏஜென்சிகளுக்கு ரெசுமே அனுப்பிட்டே இருக்கேன், ஒருத்தரும் பதில் போடலை. மூணு மொழியும் நல்லா வரும், ரெண்டு வருஷத்துல பத்து லட்சம் சொல் பண்ணியிருக்கேன், எல்லாத்தையும் எழுதித்தான் அனுப்புறேன். எங்க தப்பு? இன்னைக்கு ராத்திரி இன்னொரு இடத்துக்கு அனுப்பணும். அவசரம்.

பீடோர்_குமார்
எந்த மூணு மொழி? எதுல இருந்து எதுக்கு? எழுத்து வேலையா, ஜுருபாஹாசா மாதிரி வாயால சொல்ற வேலையா?

லாபிஸ்_ரவி
மொழிபெயர்ப்புல டிகிரி இருக்கா? ISO 17100னு ஒரு தரம் இருக்கு. டிகிரி இல்லாதவங்களை ஏஜென்சி எடுக்காது. அதான் காரணம்.

சொல்லாய்வன்
"மூணு மொழி", "பத்து லட்சம் சொல்", "நல்லா வரும்". இப்படித்தான் ரெசுமேயிலும் எழுதியிருப்பீங்கன்னா பதில் வராததுல ஆச்சரியமே இல்லை. கேள்வியையே முழுசா கேட்கத் தெரியாதவங்க அடுத்தவங்க எழுதினதை எப்படி முழுசா மொழிபெயர்ப்பாங்க? இந்தக் குழுவுல எத்தனை தடவை சொல்லியாச்சு, விவரம் போட்டுட்டுக் கேளுங்கன்னு.

தைப்பிங்_மாலதி
ஐயா, அவசரத்துல கேட்கிற பிள்ளைகிட்ட இப்படியா பேசுறது?

தேவிம்மா, நாலு விஷயம் மட்டும் சொல்லுங்க. எந்த மொழியில இருந்து எந்த மொழிக்கு? என்ன மாதிரி பத்திரங்கள்? எந்த மென்பொருள்? பத்து லட்சத்தை எப்படிக் கூட்டினீங்க?

ரவி தம்பி, நீங்க சொன்னது பாதி சரி. ISO 17100 மூணு வழி தருது. மொழிபெயர்ப்புப் பட்டம் ஒண்ணு. வேறு பட்டத்தோட ரெண்டு வருஷ முழுநேர அனுபவம் இன்னொண்ணு. பட்டமே இல்லாம அஞ்சு வருஷ முழுநேர அனுபவம் மூணாவது. அந்தத் தரத்தைக் கேட்காத வேலைகளும் ஏஜென்சிகளுக்கு வரும்.

முருகன்_குளுவாங்
எனக்கு ஒரு சந்தேகம். என் பிறப்புப் பத்திரம் மலாய்ல இருக்கு, வெளிநாட்டுக்கு ஆங்கிலத்துல முத்திரையோட வேணும். எங்க செய்றது?

பீடோர்_குமார்
அண்ணே, இது வேற இழை. ITBMல சான்றளிச்ச மொழிபெயர்ப்பு செய்றாங்க, அங்க கேளுங்க.

சிப்புட்_தேவி
மன்னிக்கணும். பெரும்பாலும் மலாய்ல இருந்து தமிழ். தோட்டப் பாதுகாப்புக் கையேடு, உரம், பூச்சிமருந்து தாள்கள். கொஞ்சம் ஆங்கிலத்துல இருந்து தமிழ், கிளினிக் துண்டறிக்கை. லேபர் ஆபீஸ்ல சில சமயம் தொழிலாளிகளுக்காகப் பேசிக் கொடுப்பேன். பகல்ல தோட்ட ஆபீஸ் கிராணி வேலை. ஒமேகாடி பாவிக்கிறேன், ஆனா இலவச மென்பொருள்னு ரெசுமேயில போடலை. கையேடு மூணு மாசத்துக்கு ஒரு பதிப்பு, 12,000 சொல், எட்டுப் பதிப்பு வந்திருக்கு. துண்டறிக்கை எல்லாம் ரெண்டு மொழி பக்கம் பக்கமா இருக்கும் ஃபைல். எல்லாத்தையும் வேர்ட்ல எண்ணிக் கூட்டினேன்.

தைப்பிங்_மாலதி
சிக்கல் அந்தக் கூட்டல்லதான். ஏஜென்சில வேலை பிரிக்கிறவங்க உங்க எண்ணைப் பார்த்ததும் நாளால வகுப்பாங்க. முழுநேரமா உட்கார்ந்து செய்றவங்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 சொல்னு வச்சுக்குவோம். வருஷத்துக்கு 5 லட்சம்னா 250 முழு நாள். பகல் முழுக்க ஆபீஸ்ல இருக்கிறவருக்கு இது எப்படி முடியும்னு யோசிப்பாங்க. அதுக்கப்புறம் மத்த வரிகளையும் நம்ப மாட்டாங்க.

எண் ரெண்டு இடத்துல ஊதியிருக்கு. ரெண்டு மொழி பக்கம் பக்கமா இருக்கிற ஃபைல்ல வேர்ட் ஆங்கிலத்தையும் தமிழையும் சேர்த்தே எண்ணும். மூல மொழிப் பத்தியை மட்டும் தேர்வு செஞ்சா கீழே அதோட கணக்கு காட்டும். அடுத்தது கையேடு. எட்டுப் பதிப்புன்னா 96,000 வரும், ஆனா ஒவ்வொண்ணுலயும் மாறினது சில பத்திதான் இருக்கும். எட்டு மூல ஃபைலையும் ஒமேகாடியில ஒரே புது ப்ராஜெக்டோட `source` அடைவுல போட்டு, மெனுவுல `Tools > Statistics` திறங்க. `Total`க்கும் `Unique`க்கும் உள்ள வித்தியாசம்தான் திரும்பத் திரும்ப வந்த சொல். ஒரு வாக்கியத்துல தேதி மட்டும் மாறியிருந்தாலும் `Unique` அதைப் புதுசா எண்ணும். அதனால இந்த எண்ணும் கொஞ்சம் கூடுதலாவே இருக்கும், "ஏறத்தாழ"ன்னு போடுங்க. அந்த மாதிரி கிட்டத்தட்ட ஒத்த வாக்கியங்களையும் பிரிச்சுப் பார்க்கணும்னா `Match Statistics` இருக்கு.

சொல்லாய்வன்
மூல மொழியை ஏன் எண்ணணும்? உழைப்பு தமிழ்லதானே. நாளிதழுக்கு எழுதினா வெளிவந்த சொல்லுக்குத்தான் காசு.

பீடோர்_குமார்
நாளிதழுக்கு எழுதுறது வேற, ஏஜென்சி வேலை வேற. ஃபைல் வந்த உடனே விலை பேசணும்னா அப்ப கையில இருக்கிறது மூலம் மட்டும்தான். அதோட தமிழ்ல வேற்றுமை உருபு, விகுதி எல்லாம் ஒட்டிக்கும். தமிழை எண்ணினா சொல் குறைஞ்சுதான் வரும், நஷ்டம் நமக்கு.

சொல்லாய்வன்
அப்ப தமிழ்ச் சொல்லுக்குக் கூடுதல் விலை கேட்கணும். மூலத்துக்கு எண்ணுறது வந்தவங்க வசதிக்கு நாம ஒத்துப்போறது.

பீடோர்_குமார்
கேட்கலாம்தான். ஆனா ரெசுமேயில எது எண்ணினதுன்னு எழுதலைன்னா படிக்கிறவருக்கு எதுவும் புரியாது.

தைப்பிங்_மாலதி
அந்த வழக்கை அப்புறம் பேசலாம். தேவி, "மூல மொழிச் சொல்"னு எண்ணுக்குப் பக்கத்துலயே போட்டுடுங்க. பேருக்குக் கீழே முதல் வரியிலயே மொழி ஜோடி, திசையோட:

```
MS > TA
EN > TA
TA <> MS
```

முதல் ரெண்டு வரி எழுத்து வேலை. மூணாவது பேச்சு வேலை, அது ரெண்டு பக்கமும் போறதால ரெண்டு அம்பு. அதைச் சொல்லால அளக்காதீங்க, மணிக்கணக்குல போடுங்க. பேசி நிறுத்தினதும் சொன்னீங்களா, கூடவே சொன்னீங்களான்னும் எழுதுங்க. தமிழ்ல இருந்து மலாய்க்கு எழுத்து வேலை செய்யலைன்னா அதைச் சேர்க்காதீங்க, அந்தத் திசையில தேர்வு வந்தா மாட்டிக்குவீங்க.

துறைன்னு எட்டு பத்து அடுக்க வேணாம். தோட்டப் பாதுகாப்பும் வேளாண் ரசாயனமும் உங்க பலம். "வேளாண்மை"னு பொதுவா போடாம, 16 பகுதி உள்ள ரசாயனப் பாதுகாப்புத் தாள் மொழிபெயர்த்ததைச் சொல்லுங்க. அந்த வேலை தெரிஞ்சவங்க பார்த்ததும் அடையாளம் கண்டுக்குவாங்க. கிளினிக் வேலை ரெண்டாவது துறை. ஒவ்வொண்ணுக்கும் எதிரே அதோட சொல் கணக்கு.

ஒமேகாடியைத் தாராளமா போடுங்க, TMX கொடுக்கவும் வாங்கவும் முடியும்னு சேர்த்து. ட்ராடோஸ் பாவிக்கிற ஏஜென்சிக்கும் அந்த நினைவகக் கோப்பு பொருந்தும். பாவிக்காத மென்பொருளை எழுதாதீங்க, முதல் வேலையிலயே தெரிஞ்சுடும்.

வாடிக்கையாளர் பேரு வேணாம், வகை போதும். நம்ம மாதிரி சின்ன ஊர்ல "சுங்கை சிப்புட் உரக் கம்பெனி"ன்னு எழுதினாலே எதுன்னு எல்லாருக்கும் தெரியும். "பேராக்கில் செம்பனைத் தோட்ட நிறுவனம், நேரடி வாடிக்கையாளர்"னு போடுங்க. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எதுவும் ரெசுமேயில இருக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் ரெசுமேயைத் திருடி, பேரை வச்சு வேலை வாங்குற கும்பல் இருக்கு.

லாபிஸ்_ரவி
அக்கா, அவங்களுக்கு டிகிரி இல்லைன்னா அஞ்சு வருஷத்தை எப்படிக் காட்டுறது? பகுதிநேர அனுபவத்தை முழுநேரமா மாத்திக் கணக்குப் போட ஏதாவது வழி இருக்கா?

தைப்பிங்_மாலதி
அதை அந்தந்த ஏஜென்சிகிட்டதான் கேட்கணும். சொல் கணக்கை வச்சுப் பார்க்கிறவங்களும் இருக்காங்க, கடிதம் கேட்கிறவங்களும் இருக்காங்க.

சிப்புட்_தேவி
எண்ணிட்டேன். கையேட்டுல `Total` 96,000, `Unique` 17,300. உரம், பூச்சிமருந்து தாள்களையும் அதே மாதிரி எண்ணினேன், அதுலயும் திரும்பத் திரும்ப வந்ததுதான் அதிகம். எல்லாம் சேர்த்து மூல மொழியில ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம்தான் வருது. மாத்தி எழுதி, ஃபைல் பேரு `MS-TA_EN-TA_CV.pdf`னு வச்சு அனுப்பிட்டேன். நன்றி அக்கா.

சொல்லாய்வன்
தமிழ்ச் சொல்லை எண்ணியிருந்தா எவ்வளவு வந்திருக்கும்னும் போடுங்க, பார்க்கலாம்.

சிப்புட்_தேவி (நாலு நாள் கழிச்சு)
தேர்வு அனுப்பியிருக்காங்க. 280 சொல், உரம் பத்தினது, மலாய்ல இருந்து தமிழ். வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கணும்.