75.2க்கு பி, 73.2க்கு ஏ: புள்ளியை எந்த இடத்தில் மட்டந்தட்டினார்கள்?

உப்புவெளி: டிப்ளோமாப் பெறுபேறு வந்து மாதக்கணக்காகியும் இது மனதை விட்டுப் போகவில்லை. வழக்கமான பங்கீடுதான்: வினாவிடை 10, ஒப்படை 20, இடைப்பரீட்சை 20, இறுதிப்பரீட்சை 50. நூற்றுக்கு நான் எடுத்தவை 74, 77, 72, 76. பங்கின்படி அவை 7.4, 15.4, 14.4, 38. கூட்டினால் 75.2. ஏ எடுக்க 75 வேண்டும். பட்டியலிலோ 74, பி. ஒவ்வொரு பகுதியையும் முதலிலேயே மட்டந்தட்டி 7, 15, 14, 38 என்று எழுதிவிட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. என் தோழி எடுத்தவை 75, 78, 68, 73. பங்கின்படி 7.5, 15.6, 13.6, 36.5, மொத்தம் 73.2. அவளுக்கு அது 8, 16, 14, 37 ஆகி 75, ஏ! அனுராதபுரச் சந்தியில் ஒரு தேநீர்க் கடையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். "நான் உன்னை முந்தவே இல்லையேடி" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

தம்பலகாமம்: உயர்தரத்திலும் இதே கதைதான். என் தங்கைக்கு இஸட் புள்ளியில் மூன்றாம் தசமத்தில் விரும்பிய பீடம் போனது. மீள்திருத்தத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

கிண்ணியா, கணித ஆசிரியர்: தம்பி, அது வேறு விஷயம். இஸட் புள்ளியை நான்கு தசமம் வரை வெளியிடுகிறார்கள், அங்கே யாரும் பாதி வழியில் வெட்டுவதில்லை. இங்கே வெட்டியதுதான் பிரச்சினை.

எங்கள் ஆசிரியர் அறையிலும் நடந்தது. எக்செல் தாளில் 7, 15, 14, 38 என்று தெரிகிறது, மொத்தம் 75 என்று நிற்கிறது. கல்குலேட்டரில் கூட்டியவருக்கு 74 வந்தது. "கணினி பிழை விடுகிறது" என்று ஒரே சத்தம். கணினி பிழை விடவில்லை. கலத்தின் வடிவமைப்பு தசமத்தை மறைத்திருந்ததே தவிர உள்ளே 7.4 அப்படியே இருந்தது. சத்தத்துக்குப் பயந்து யாரோ ஒவ்வொரு கலத்திலும் `=ROUND(B2*0.1,0)` மாதிரிப் போட்டார்கள். கூட்டல் பொருந்தியது, ஒரு பிள்ளையின் ஏ போய்விட்டது.

ஒரு பகுதியில் அதிகபட்சம் அரைப்புள்ளி நகரும். நான்கு பகுதியென்றால் மேலேயோ கீழேயோ இரண்டு புள்ளி வரை போகலாம். உப்புவெளிப் பிள்ளைக்கு மூன்று பகுதியில் .4, கீழே போனது. தோழிக்கு எல்லாம் .5, .6, மேலே ஏறியது.

மூதூர்: வகுப்பு முழுக்கப் பார்த்தால் கூடுவதும் குறைவதும் சரியாகிவிடும். அதோடு, ஒரே கட்டுரை விடைக்கு இரண்டு பேர் ஒரே புள்ளி போடுவதில்லை. அப்படியிருக்க 0.2க்கு இவ்வளவு ஆரவாரமா?

கிண்ணியா, கணித ஆசிரியர்: இரண்டாவது சரி. முதலாவது பாதிதான் சரி. 50 பங்குள்ள தாளில் ஒற்றைப்படைப் புள்ளி எடுத்தவர் எல்லோருக்கும் .5 வரும், ROUND அதை எப்போதும் மேலேதான் தள்ளும். கீழே போய் அதை ஈடுகட்ட ஆளில்லை. இன்னொன்று, எக்செல் தாளில் ROUND போட்டால் 36.5 என்பது 37. அதையே மாக்ரோவில், எக்செலின் நிரல் மொழியான விபிஏயின் Round கொண்டு செய்தால் 36, ஏனென்றால் அது சரிபாதியை இரட்டை எண் பக்கம் தள்ளும். தோழியின் 75 அப்போது 74, பி. ஒரே பிள்ளை, ஒரே விடைத்தாள்! திருத்துபவரின் தடுமாற்றம் தவிர்க்க முடியாதது. இந்தப் பிழையோ நாமே சும்மா சேர்ப்பது.

பாலையூற்று: என் மகனுக்கும் ஒருமுறை இப்படி ஆனது, விடுங்கள். செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மீள்திருத்தம் கேட்காதீர்கள், விடைத்தாளைத் திரும்பத் திருத்துவதால் இது மாறாது. கூட்டலை மீளக் கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன், ஒவ்வொரு பகுதியிலும் எத்தனைக்கு எத்தனை என்று மூலப்புள்ளியை எழுத்தில் வாங்குங்கள். 7 என்று மட்டும் தந்தால் அது 6.5ஆ 7.4ஆ என்று யாருக்கும் தெரியாது. பிறகு விதிக்கோவையில் எந்தக் கட்டத்தில் மட்டந்தட்டுவது என்று இருக்கிறதா பாருங்கள். "இறுதி மொத்தம்" என்று இருந்தால் உங்கள் பக்கம் பலம். ஒன்றுமே இல்லையென்றால் உங்கள் 75.2 எல்லைக்கு மேலே நிற்கிறது என்பதை மட்டும் பிடியுங்கள், 74.6 எடுத்த ஒருவர் கேட்பது போல மேலே தள்ளிவிடச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி: அங்கிள், கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு மட்டும் மீளக் கணக்கிட மாட்டார்களே. அவளுக்கும் கணக்கிட்டால் 73.2.

மூதூர்: கொடுத்த ஏயைத் திரும்ப எடுக்கக்கூடாது.

கிண்ணியா, கணித ஆசிரியர்: அப்படி விட்டால் மேலே ஏறியவருக்கு ஒரு விதி, கீழே இறங்கியவருக்கு ஒரு விதி ஆகிவிடும். எங்கள் பள்ளியில் அடுத்த தவணையிலிருந்து கடைசியில் ஒரே தடவை மட்டந்தட்டுவது என்று மாற்றினோம். பழைய பட்டியலைத் தொடவில்லை. அது நியாயமா என்று இன்றுவரை அறையில் சண்டைதான்.